பத்து நிமிடம் கேட்டு ஒரு கடிதம்

கொச்சி வல்லார்பாடம் தீவில் கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்கள் களமசேரி வரை ஒரே சாலையில் போகின்றன. சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலைக்கு 966ஏ தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும், ஊர் மக்கள் வாயில் அது கன்டெய்னர் ரோடுதான். சாலையின் ஒரு கோடியில், 2011 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த துறைமுக முனையம் இருக்கிறது. மறு கோடியான களமசேரியில், கேரள அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் வளாகத்தில், புதுத் தொழில் தொடங்க வந்த இளைஞர்கள் கணிப்பொறிக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு கோடியில் தொல்லைகள் இருக்கின்றன. மறு கோடியில் தொல்லைகளைத் தீர்க்க யோசனைகள் இருக்கின்றன. இரண்டும் சந்திப்பதற்கு இப்போது ஒரு சின்னக் கடிதம் பயன்படுகிறது. "உங்கள் தொழிலுக்கு உதவும் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் கருத்தைச் சொல்வீர்களா?" என்று முன்பின் தெரியாத ஒரு நிறுவனருக்கு, அதாவது சொந்தக் காலில் தொழிலைத் தொடங்கி நடத்தும் முதலாளிக்கு, எழுதும் கடிதம் அது. தபாலில் வந்த காலம் போய் இன்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வருகிறது.

கேட்பது பத்தே நிமிடம்தான். ஆனால் அதைச் சரியாகக் கேட்காததால் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு. சரியாகக் கேட்டதால் பிழைத்துக்கொண்டவர்களும் உண்டு.

முதலில் ஆள், பிறகு பொருள்

பொருளைச் செய்து முடித்த பிறகு வாங்க ஆள் தேடுவதுதான் தொழிலின் பழைய வழக்கம். அமெரிக்காவில் பல கம்பெனிகளைத் தொடங்கி அனுபவப்பட்ட ஸ்டீவ் பிளாங்க் என்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொன்னார். அவருடைய நூல் 2005-ல் வெளிவந்தது. ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்தால் கிடைப்பது ஊகம் மட்டுமே, உண்மை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, ஆகவே செய்வதற்கு முன்னால் வாங்கப்போகிறவரைப் போய்ப் பாருங்கள் என்பது அவர் கூறியதன் சாரம்.

போய்ப் பார்த்தால் மட்டும் போதுமா? என்ன கேட்பது என்ற கேள்விக்கு ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மற்றொருவர் 2013-ல் ஒரு சிறு நூல் எழுதினார். "என் யோசனை எப்படி?" என்று பெற்ற தாயிடம் கேட்டால், பிள்ளையின் மனம் நோகக் கூடாதே என்று "ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் சொல்வாள். அவளாலும் பொய் சொல்ல முடியாதபடி கேள்வியை அமைக்க வேண்டும் என்கிறது அந்த நூல். யோசனையைப் பற்றிக் கேட்காமல், எதிரே இருப்பவரின் வாழ்வில் நடந்ததைக் கேட்பதே அதற்கு வழி.

இதற்கு நடந்த சம்பவம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜோயல் காஸ்கோயின் என்ற இளைஞருக்கு 2010-ல் ஒரு யோசனை தோன்றியது. டுவிட்டரில் போட வேண்டிய செய்திகளை முன்கூட்டியே எழுதி வரிசையில் வைத்துவிட்டால், அவை தாமாகவே அந்தந்த நேரத்தில் வெளியாக வேண்டும். அதற்கு பஃபர் என்று பெயரிட்டார். ஆனால் உடனே அதைச் செய்ய உட்காரவில்லை. இன்ன வேலை செய்யும் என்று விளக்கும் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வெளியிட்டார். விலை என்ன என்று பார்க்க விரும்பி அழுத்தியவர்களுக்கு, "இன்னும் தயாராகவில்லை, உங்கள் முகவரியைக் கொடுங்கள்" என்ற அறிவிப்பு வந்தது. முகவரி கொடுத்தவர்களுக்கு அவரே கடிதம் எழுதிப் பேசினார்.

பேச்சில் ஊக்கம் கிடைத்தது. ஆனால் ஊக்கம் வேறு, காசு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நடுவில் இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். இலவசம், மாதம் 5 டாலர், மாதம் 20 டாலர் என மூன்று விலைகளை அதில் வைத்தார். சிலர் காசு கொடுக்கும் விலைகளையும் அழுத்தினார்கள். அதைப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார். சுமார் ஏழு வாரத்தில், 2010 நவம்பர் கடைசியில், பொருள் வெளிவந்தது. சில நாட்களிலேயே காசு கொடுத்து வாங்கும் முதல் ஆளும் வந்து சேர்ந்தார்.

இங்கிலாந்துக் கதை வல்லார்பாடத்தில் பலிக்குமா என்று கேட்கலாம். பலிக்கும். அதை இங்குள்ள ஓர் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம்.

ஒரு குமாஸ்தாவின் யோசனை

கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி கன்டெய்னர்களின் காகிதங்கள் நாள்தோறும் அவர் கை வழியே போகின்றன. அந்த வேலையில் பழகியவர்களுக்கு டிடென்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

கன்டெய்னர் என்ற பெட்டி கப்பல் கம்பெனியின் சொத்து, அல்லது அது வாடகைக்கு எடுத்தது. சரக்கை இறக்கிக்கொண்டு காலிப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கச் சில நாட்கள் இலவசம். அந்த நாட்கள் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். நாளாக ஆக அதன் விகிதமும் உயரும். எத்தனை நாள் இலவசம், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். முனையத்துக்குள் பெட்டி கிடக்கும் நாட்களுக்கு வாங்கும் கிரவுண்ட் ரென்ட் தனிக் கணக்கு.

14 நாள் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 1-ஆம் தேதி கரையில் இறங்கி, அன்றிலிருந்தே எண்ணப்பட்டால், 14-ஆம் தேதிக்குள் காலிப் பெட்டி திரும்பியாக வேண்டும். கஸ்டம்ஸ் வேலை முடிந்து, கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, வாளையாறு தாண்டிக் கோவைக்குக் கொண்டுபோய், சரக்கை இறக்கி, மீண்டும் கொச்சிக்கு வர வேண்டும். 17-ஆம் தேதி வந்தால் மூன்று நாள் அபராதம்.

இதை அடிக்கடி பார்த்த குமாஸ்தாவுக்கு ஒரு யோசனை பிறக்கிறது. கடைசி நாள் நெருங்கும்போது டிரெய்லர் முதலாளியின் போனுக்குத் தானாகவே எச்சரிக்கை போகும்படி ஒரு ஆப் செய்தால் என்ன? செய்து தர இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்த ஒருவர். சீட்டுப் பணம் ஒரு லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டு நகை இருக்கிறது. நகையை வைப்பதற்கு முன், ஒற்றை லாரியில் தொடங்கி இன்று எட்டு டிரெய்லர் ஓட்டும் ஒரு முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்டுப் பார்க்க அவர் நினைக்கிறார்.

எழுதக் கூடாத கடிதம்

முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பேரன்புமிக்க ஐயா அவர்களுக்கு, தங்களைப் போன்ற உயர்ந்த தொழிலதிபர்களின் பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. இந்தியாவிலேயே முதன்முறையாக, போக்குவரத்துத் துறையில் பெரும் புரட்சி செய்யப்போகும் ஆப் ஒன்றை உருவாக்கி வருகிறேன். டிடென்ஷன் என்ற பேச்சுக்கே இனி இடமிருக்காது. இதைப் பற்றித் தங்கள் மேலான கருத்தைத் தெரிவித்து ஆசீர்வதிக்க வேண்டுகிறேன். விவரங்கள் அடங்கிய 12 பக்கங்களை இத்துடன் இணைத்துள்ளேன்."

மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இது மூன்று இடங்களில் தவறுகிறது.

முதலாவது, விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டது. புரட்சி செய்யப்போகிறது என்று சொன்ன பிறகு, "இல்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "நல்லது தம்பி, செய்ங்க" என்ற ஒரு வரி வரும். அதை நம்பி நகை அடகுக்குப் போகும்.

இரண்டாவது, இது விற்க வந்த கடிதம் போல இருக்கிறது. டயர் விற்கிறவர், இன்சூரன்ஸ் விற்கிறவர், கடன் கொடுக்கிறவர் என்று நாளுக்குப் பத்துப் பேரின் செய்தியைப் பார்க்கும் முதலாளிக்கு இதுவும் அவற்றில் ஒன்றாகவே தோன்றும்.

மூன்றாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. 12 பக்கத்தைப் படிக்க வேண்டுமா, போன் செய்ய வேண்டுமா, எப்போது? பத்து நிமிடம் என்று எண்ணிக்கூடக் கேட்கவில்லை. தெளிவாகக் கேட்காத உதவியை, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பது மனித இயல்பு.

எழுத வேண்டிய கடிதம்

அதே குமாஸ்தா, அதே முதலாளிக்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். வல்லார்பாடத்தில் கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். காலிப் பெட்டி திரும்பத் தாமதமாகி டிடென்ஷன் விழுவது ஏன் என்று என் சொந்த முயற்சியில் விசாரித்து வருகிறேன். தாங்கள் ஒற்றை லாரியில் தொடங்கி எட்டு டிரெய்லர் ஓட்டுகிறவர் என்பதால் தங்களிடம் கேட்கிறேன். விற்க என்னிடம் எதுவும் இல்லை. கடைசியாகத் தங்கள் வண்டிக்கு அப்படி நேர்ந்தபோது என்ன நடந்தது என்று 10 நிமிடம் சொல்ல முடியுமா? செவ்வாய் அல்லது புதன் மாலை 4 மணிக்கு நானே போன் செய்கிறேன். வசதிப்படாது என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும்."

யார் எழுதுகிறார் என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. பலருக்கும் அனுப்பிய சுற்றறிக்கை அல்ல, இவருக்கென்றே எழுதியது என்பதை "ஒற்றை லாரி" என்ற விவரம் காட்டுகிறது. ஆப் என்ற சொல்லே இல்லை. கேட்பது கருத்து அல்ல, நடந்த கதை. கருத்துச் சொல்ல யோசிக்க வேண்டும், தயங்க வேண்டும். பட்ட கஷ்டத்தைச் சொல்வதற்கு யாருக்கும் தயக்கம் இருக்காது. நாளும் நேரமும் குறித்துக் கொடுத்ததால், பதில் எழுதுகிறவருக்குத் தேர்ந்தெடுப்பது மட்டுமே வேலை. மறுப்பதற்கும் வழி விட்டிருப்பதால் மனத்தாங்கல் வராது.

"யோசனையை மறைப்பது ஏமாற்று ஆகாதா?" என்று ஒரு கேள்வி எழலாம். விசாரிக்கிறேன் என்று கடிதம் சொல்வது உண்மை. விற்க எதுவும் இல்லை என்பதும் உண்மை. பேச்சு முடியும்போது, இதைத் தீர்க்க ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவதே முறை. இதற்கு மாறாக, கருத்து மட்டும் கேட்கிறேன் என்று உள்ளே நுழைந்து, ஐந்தாவது நிமிடத்தில் விலைப்பட்டியலை நீட்டுவதுதான் ஏமாற்று. அப்படிச் செய்தவரின் பெயர் ஒரே வாரத்தில் எல்லா வண்டிப் பேட்டைகளிலும் கெட்டுவிடும்.

மொழியிலும் கவனம் வேண்டும். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து தொழில் நடத்துகிறவருக்குத் தமிழில் எழுதலாம். மலையாளிக்கு மலையாளத்தில் எழுதுவதே நல்லது. எழுத வராதென்றால், பேசத் தெரிந்த மலையாளத்தில் அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். பிழையோடு பேசினாலும், தன் மொழியில் பேச முயன்றவருக்குப் பதில் சொல்ல மனம் இளகும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வற்புறுத்துவது அழகல்ல.

பத்து நிமிடத்தில் என்ன கேட்பது?

பத்து நிமிடத்தில் மூன்று கேள்விக்கு மேல் இடமில்லை.

"கடைசியாக எப்போது டிடென்ஷன் விழுந்தது? அன்றைக்கு என்ன நடந்தது?" என்பது முதல் கேள்வி. பாதி நேரம் இதற்கே போக வேண்டும். "பொதுவாக எப்படி?" என்று கேட்கக் கூடாது. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். போன மாதம், இன்ன வண்டி என்று கேட்டால் உண்மை தானே வெளிவரும்.

"அந்தப் பணம் கடைசியில் யார் கையிலிருந்து போனது?" என்பது இரண்டாவது. தொல்லை ஒருவருக்கும் செலவு இன்னொருவருக்கும் என்று இருப்பது உண்டு. தீர்வுக்குக் காசு கொடுப்பவர் பெரும்பாலும் செலவைச் சுமப்பவர்தான்.

"அது திரும்ப நேராமல் இருக்க இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்பது மூன்றாவது. ஒன்றுமே செய்யவில்லை என்றால், வாயால் குறைப்பட்டுக்கொண்டாலும் அது அவருக்குப் பெரிய தொல்லை அல்ல என்று அர்த்தம். ஆள் வைத்தேன், நோட்டுப் போட்டேன், தினமும் நாலு போன் செய்கிறேன் என்றால் அங்கே வலி இருக்கிறது.

இந்த நேரத்தில் குமாஸ்தா பேசியது இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிருந்தால், அவர் விசாரிக்கவில்லை, பிரசங்கம் செய்திருக்கிறார். கேட்டதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே அன்றே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் எழுதினால், அவர் சொன்னது போய், தான் கேட்க விரும்பியதே நோட்டில் ஏறும். பத்தாவது நிமிடத்தில், "நேரமாகிவிட்டது ஐயா" என்று தானே முடித்துக்கொள்ள வேண்டும். அவர் மேலும் பேசச் சொன்னால் பேசலாம். கேட்ட நேரத்தை மீறாமல் இருப்பதுதான் அடுத்த சந்திப்புக்கு முன்பணம்.

கிடைத்த பதில்

உதாரணத்தைத் தொடர்ந்து பார்ப்போம். முதலாளி சொல்கிறார்: "தேதி எனக்குத் தெரியாதா தம்பி? என் டிரைவருக்கே தெரியும். போன மாசம் 13-ஆம் தேதியே வண்டி காலிப் பெட்டியோட வந்துட்டது. போட வேண்டிய யார்டுல இடம் இல்லைன்னு நிறுத்திட்டான். இன்னொரு யார்டுக்குப் போகச் சொன்னான். அங்கே போனா, எங்களுக்கு உத்தரவு வரலைன்னான். ரெண்டு நாள் வண்டி நின்னுது. டிடென்ஷனை கோயம்புத்தூர் பார்ட்டி கட்டினார். கட்டிட்டு என் வாடகையில கழிச்சுட்டார். அதைவிட வண்டி ரெண்டு நாள் ஓடாம நின்னதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்."

இந்தச் சில வாக்கியங்களில் ஆப் கவிழ்ந்துவிட்டது. தேதி மறந்துபோவது தொல்லையே அல்ல. தேதியை நினைவூட்டும் ஆப்புக்கு அவர் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார். ஆனால் கூடவே இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது. எந்த யார்டில் இன்று காலிப் பெட்டி எடுக்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியாததுதான் தொல்லை. வலி டிடென்ஷனில் மட்டும் இல்லை, வண்டி நிற்பதில் இருக்கிறது.

கடிதத்தில் "கடைசி நாளை நினைவூட்டும் ஆப் எப்படி?" என்று கேட்டிருந்தால் இந்த யார்டுக் கதை வெளியே வந்திருக்காது. "நல்லது தம்பி" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

ஒருவர் சொன்னதை வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. அவருடைய வண்டிகள் ஒரே கப்பல் கம்பெனியின் பெட்டிகளையே அதிகம் எடுப்பதாக இருக்கலாம். ஆகவே ஒற்றை வண்டி வைத்திருப்பவர், இருபது வண்டி வைத்திருப்பவர், கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறவர், கோவையில் சரக்கு வாங்குகிறவர் என்று பலருக்கும் கடிதம் போக வேண்டும். இத்தனை பேர் என்று சட்டம் ஒன்றும் இல்லை. புதிதாகப் பேசுகிறவர் முன்பு கேட்ட கதையையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தால் போதும் என்று அறியலாம். ஆளுக்கு ஒரு கதை வந்தால், இன்னும் பிடி கிடைக்கவில்லை என்று பொருள்.

பாராட்டும் பணமும்

பேச்சு எப்படிப் போனது என்பதை எதை வைத்து மதிப்பிடுவது? பாராட்டை வைத்து அல்ல. "அருமையான யோசனை", "செஞ்சு முடிச்சதும் சொல்லுங்க, நான்தான் முதல்ல வாங்குவேன்" என்பவை கேட்க இனிக்கும். சொல்கிறவருக்கு அதில் ஒரு காசும் செலவில்லை. விருந்தாளியை மரியாதையாக வழியனுப்புவது போன்றது அது.

சொல்கிறவர் தன்னிடமிருந்து எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் அது சாட்சி. "நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க, பழைய பில்லைக் காட்டறேன்" என்றால் நேரம் கொடுக்கிறார். "என் சம்பந்தியும் டிரெய்லர் வெச்சிருக்கார், அவர்கிட்டயும் பேசுங்க" என்று நம்பர் கொடுத்தால் தன் பெயரைக் கொடுக்கிறார். "இதை எனக்கு இப்பவே செஞ்சு குடுங்க" என்று முன்பணம் நீட்டினால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

உதாரணத்தில் வரும் குமாஸ்தாவும் பஃபர் இளைஞர் செய்ததைச் செய்து பார்க்கலாம். இரண்டு லட்சத்துக்கு ஆப் வேண்டாம். வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் நான்கைந்து யார்டுகளுக்குப் போன் செய்து, இன்று எங்கே காலிப் பெட்டி எடுக்கிறார்கள் என்று கேட்டு, தன்னிடம் பேசிய ஐந்து முதலாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒரு மாதம் இலவசம். அடுத்த மாதம் ஆளுக்கு 300 ரூபாய் என்று சொல்ல வேண்டும். செலவு, போன் பில்லும் காலை அரைமணி நேரமும்தான்.

இரண்டாம் மாதம் மூன்று பேர் பணம் கட்டினால், நகையைத் தொடாமலே ஒரு தொழிலின் வேர் ஊன்றியிருக்கிறது. ஒருவரும் கட்டவில்லை என்றால் அந்த யோசனையும் போகட்டும். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. நடுவிலே வேறொன்றும் தெரியவரலாம். யார்டுக்காரர்கள் காலையில் சொல்வது பகலில் மாறிவிடுகிறது என்றால், காலைப் பட்டியலால் பயனில்லை. அதை ஆப் செய்த பிறகு கண்டுபிடிப்பதைவிடப் போன் பில்லோடு கண்டுபிடிப்பது மேல்.

எச்சரிக்கையும் எல்லையும்

வேலையில் இருந்துகொண்டே இப்படி விசாரிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆபீஸின் வாடிக்கையாளர் பட்டியலையோ, அங்குள்ள பில்களையோ, ஆபீஸ் மின்னஞ்சலையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது வேலைக்கே உலை வைக்கும் காரியம், நியாயமும் அல்ல. டீக்கடையிலும் வண்டிப் பேட்டையிலும் பழக்கமானவர்கள், அவர்கள் சொல்லி அறிமுகமானவர்கள், வண்டியின் கதவிலேயே நம்பரை எழுதி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு எழுதினால் போதும். தன் முதலாளியிடமே முதலில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அவரே முதல் பத்து நிமிடத்தைக் கொடுக்கக்கூடும்.

"யோசனையைத் திருடிவிடுவார்களே!" என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. மேலே கண்ட கடிதத்தில் யோசனையே இல்லை. அவர் பட்ட கஷ்டத்தை அவரிடமே கேட்கும்போது திருட என்ன இருக்கிறது?

பத்து நிமிடத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. நடந்ததை மனிதர்கள் ஓரளவு சரியாகச் சொல்வார்கள். நாளைக்கு என்ன செய்வார்கள், எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை அவர்களே அறியமாட்டார்கள். ஆகவே விலையைப் பேச்சில் கேட்பதில் பயனில்லை, கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். தங்களுக்குப் பழகிப்போன தொல்லையையும் அவர்கள் சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் வண்டி நிற்பது "இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்" என்று பழகிப்போயிருந்தால், கேள்வி கேட்டு வெளியே கொண்டுவர முடியாது. அதற்கு ஒரு நாள் வண்டியில் கூடவே ஏறிப்போய், யார்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டும்.

அந்தக் கடிதம் கையில் கிடைக்கும் முதலாளிகளுக்கும் இதில் வேலை உண்டு. பத்து நிமிடம் கொடுக்க முடியாவிட்டால், "வேண்டாம்" என்று உடனே சொல்லிவிடுவது உபகாரம். கொடுத்தால், யோசனையைப் பாராட்ட வேண்டியதில்லை. "இதை நான் வாங்கமாட்டேன், ஏனென்றால்..." என்று தொடங்கிக் காரணத்தைச் சொல்கிறவர், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் நகையை அடகுக் கடைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்.